சிகரெட்டை விட்டா மாத்திரை டோஸ் குறையணுமா?

புதுச்சேரியில ஒருத்தர் இருக்கார்னு வெச்சுக்கோங்க. வயசு 42. மனச்சிதைவு நோய்க்குப் பல வருஷமா குளோசபின் 400 மி.கி. சாப்பிடறார், நல்லா இருக்கார். ஒரு நாளைக்கு 15 சிகரெட். ஈ.சி.ஆர். ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிவு, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறாங்க. வார்டில் புகைக்க முடியாது. மாத்திரை மட்டும் அதே 400.

ஐந்தாறு நாளில் பகல் முழுக்கத் தூக்கம், தலையணை நனையற அளவுக்கு எச்சில், உட்கார வெச்சா தலைசுற்றல், கை கால் திடீர் திடீர்னு வெட்டி இழுக்குது. "வலி மாத்திரை மயக்கம்"னு வீட்டில் நினைப்பாங்க. அடுத்து வலிப்பே வரலாம்.

நடந்தது இதுதான். கல்லீரலில் சிப்-1ஏ2 என்று ஒரு நொதி இருக்கு. குளோசபினைப் பெரும்பாலும் உடைக்கிறது அதுதான். புகையிலுள்ள தார்ப் பொருட்கள் இந்த நொதியை அதிகமா உற்பத்தி செய்ய வைக்கும். அதனால் புகைக்கிறவருக்கு மருந்து சீக்கிரம் உடைஞ்சு போகும், டோஸ் கூடுதலா தேவைப்படும். இவரோட 400 மி.கி. அப்படி வந்த கணக்கு. புகை நின்றதும் கூடுதல் நொதி சுமார் இரண்டு நாளில் பாதியாகுது, ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துடுது. ரத்தத்தில் 450 நானோகிராம் இருந்த மருந்து, டோஸ் மாறாமலேயே 700 தாண்டலாம். 600க்கு மேல் போனாலே நாங்க கவலைப்படுவோம்.

பலர் தப்பா புரிஞ்சுக்கிற இடம் ஒண்ணு: காரணம் நிக்கோட்டின் இல்லை, எரியற புகை. அதனால் பீடியும் இதே வேலையைச் செய்யும். வாயில் அடக்கிற புகையிலை செய்யாது. சிகரெட்டை விட்டு நிக்கோட்டின் சூயிங்கம் போட்டாலும் நொதி குறையத்தான் செய்யும்.

என்ன செய்யறது? புகை நின்ற அன்றே மனநல மருத்துவருக்குச் சொல்லணும். முதல் வாரத்தில் படிப்படியா கால் பங்கு வரை குறைப்பது வழக்கம். வசதி இருந்தா, கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்த அளவு பார்ப்போம். நிமோனியா மாதிரி தொற்று இருந்தா அதுவே அளவை ஏத்தும், அப்ப இன்னும் கவனம். நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனா 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏறணும்.

டிஸ்சார்ஜ் ஆகி அவர் மறுபடி பற்ற வெச்சா கதை தலைகீழ். குறைச்ச டோஸ் பத்தாது, காதில் குரல்கள் திரும்பும். "மருந்து வேலை செய்யலை"ன்னு சொல்லி வருவாங்க. நான் முதலில் கேட்பது, "திரும்ப ஆரம்பிச்சுட்டீங்களா?" திட்டறதுக்கு இல்லை, டோஸுக்கு.

ஓலான்சபின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் இரண்டும் இதே வழிதான். காபியும்! புகையை விட்டவருக்கு அதே இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி கூடுதல் நேரம் உடம்பில் நிற்கும். தூக்கம் வராம, படபடப்பா இருக்கும்போது சிகரெட் ஏக்கம்னு நினைச்சு இன்னொரு காபி போடுவாங்க பாருங்க...