சில்லறைச் செலவு

சில்லறைச் செலவு என்பதை நான் முதலில் கேட்டது அப்பா வாயிலிருந்து. அவர் சார்நிலைக் கருவூலத்தில் கணக்கர். மாதக் கடைசியில் சாப்பிட உட்கார்ந்தாலும் அலுவலகம் அவரை விடாது. சம்பளப் பட்டியல், பயணப் பட்டியல், சில்லறைச் செலவுப் பட்டியல் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். எனக்குச் சில்லறை என்றால் உண்டியலில் குலுங்கும் காசு. அவருக்கு அது ஒரு கணக்குத் தலைப்பு. காகிதம், மை, தபால்தலை, அறையைப் பெருக்கும் துடைப்பம் எல்லாம் அதற்குள் அடங்கும். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு, அலுவலகத் தமிழுக்கென்று சொற்களைத் தேடித் தொகுத்து ஆட்சிச் சொல்லகராதியில் வைத்தார்கள். அப்பா பேசியது அந்தத் தமிழ். அதில் மண்வாசனை கிடையாது என்று கல்லூரி நாட்களில் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகம் பற்றிய ஓர் ஆய்வுக்கானது. நிதி கேட்டு வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பவிருந்த விண்ணப்பத்தின் சுருக்கத்தைத் தமிழில் தரச் சொன்னார்கள். படிக்கப்போவது சமூக ஆலோசனைக் குழு. அளத்தில் வேலை செய்கிறவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் அதில் இருந்தார்கள். அவர்கள் படித்து, கேள்வி கேட்டு, கருத்து எழுதிக் கொடுத்த பிறகே விண்ணப்பம் போகும். எனக்கு முன்பே யாரோ ஒரு வரைவு செய்து வைத்திருந்தார்கள். அதில் கன்டின்ஜென்சிக்கு எதிரே ‘எதிர்பாராச் செலவு’ என்றிருந்தது. அதைப் பார்த்ததும், கன்டின்ஜென்சியைச் சில்லறைச் செலவு என்னும் அப்பாவின் குரல்தான் காதில் விழுந்தது.

அந்தத் தமிழாக்கம் அகராதிப்படி சரி. அரசுக்கு எதிர்பாராச் செலவு நிதியம் என்ற ஒன்று உண்டு, அங்கே அது பொருந்தும். ஆனால் நம் நாட்டு ஆய்வு நிதிப் பட்டியல்களில் அந்தத் தலைப்பில் வருவது பெரும்பாலும் நகலெடுப்பு, எழுதுபொருள், அஞ்சல், தொலைபேசி. உப்பளத்துப் பெண் ஒருவர் ‘எதிர்பாராச் செலவு, இரண்டு லட்சம்’ என்று படித்தால் என்ன நினைப்பார்? ஊசி போட்ட இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால், யாராவது மயங்கி விழுந்தால் இந்தப் பணம் இருக்கிறது என்றுதான் நினைப்பார். அதைத் தொடவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்பார். அப்படி ஒரு பணம் அங்கே இல்லை.

சிறுநீரகப் பகுதி எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அங்கே சொற்களைத் தாராளமாகக் கலைத்துப் போடலாம். கிரியேட்டினின் என்ற சொல்லை வைத்துக்கொண்டேன், ஏனென்றால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அதுதான் அச்சாகி வரும். கூடவே இப்படி எழுதினேன்: ‘தசையில் உண்டாகும் ஒரு கழிவு. சிறுநீரகம் இதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் இது ஏறியிருந்தால் வடிகட்டும் வேலை குறைந்திருக்கலாம்.’ வெயிலை அளக்கும் கருவியின் ஆங்கிலப் பெயர் நான்கு சொல் நீளம். அதை மூன்று வெப்பமானிகள் கொண்ட கருவி என்றேன். ஒன்று சாதாரணமாகக் காற்றின் சூட்டைக் காட்டும். ஒன்றின் முனையில் ஈரத்துணி சுற்றியிருக்கும், வியர்வை எவ்வளவு உலரும் என்பதை அது சொல்லும். மூன்றாவது கறுப்பு உருண்டைக்குள் இருக்கும், நேர்வெயில் எவ்வளவு ஏறுகிறது என்று அது காட்டும். உப்பு வாருகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. காற்று நின்ற நாளில் உடம்பு என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரே இடத்தில் மட்டும் நிதானிக்க வேண்டியிருந்தது. ஒருவரிடம் ஏன் நான்கு முறை ரத்தம் எடுக்கவேண்டும்? கடும் வெயிலில் உழைத்து முடித்த அன்று கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறலாம். ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் இறங்கியும் விடலாம். வடிகட்டும் திறன் மூன்று மாதத்துக்கு மேலும் குறைந்தே இருந்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவர்கள் பெயர் வைக்கிறார்கள். அதனால் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். மூலச் சுருக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை, ‘தொடர் மதிப்பீடு’ என்று மட்டும் இருந்தது. நான் நான்கு வரி சேர்த்தேன். இந்த நான்கு வரி இல்லாமல் கீழே வரும் பணக் கணக்கு யாருக்கும் புரியாது. நான்கு முறை என்பதுதான் அந்தக் கணக்கில் பெருக்கும் எண்.

பணப் பகுதிக்கு வந்ததும் என் கை இறுகிவிடும். அறிவியல் சொல்லை அவிழ்த்துவிட்டால் பொருள் கூடுமே தவிரக் கெடாது. கணக்குத் தலைப்பை அவிழ்த்தால் அதற்குப் பின்னால் நிற்கும் விதி விழுந்துவிடும். அதனால் தலைப்புச் சொல்லைத் தொடுவதில்லை, அதன் கீழே ஒரு வரி விளக்கம் சேர்ப்பேன். ‘சில்லறைச் செலவினம்: காகிதம், நகல், அஞ்சல், தொலைபேசி. சிகிச்சைக்கான பணம் இதில் இல்லை.’ அந்த இரண்டாவது வாக்கியம் மூலத்தில் கிடையாது. ஆய்வாளரிடம் காட்டி, சரிதானா என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் வைத்தேன்.

தொகைகளை இங்கே வட்டமாக மாற்றிச் சொல்கிறேன், கணக்கின் போக்கு மாறாது. ஊழியர் சம்பளம் 18 லட்சம், கருவிகள் 8, பரிசோதனைப் பொருட்கள் 6, பயணம் 3, பங்கேற்பாளர்களுக்கு 3, சில்லறை 2. ஆக 40 லட்சம். இதுதான் நேரடிச் செலவு. இதற்குமேல் நிறுவனத்தின் பொதுச் செலவு 8 சதவீதம். மூலத்தில் மொத்தம் 4.256 மில்லியன் ரூபாய் என்று இருந்ததை 42.56 லட்சம் என்று எழுதினேன். ஒரு மில்லியன் பத்து லட்சம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் புள்ளி இடம் மாறுவது இங்கேதான் நடக்கும். ஒவ்வொரு முறையும் தாளில் பெருக்கிப் பார்ப்பேன். இதுவும் அப்பாவிடம் வந்தது. கூட்டல் சரியாக இருந்தாலும் கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டுவார்.

கூட்டத்தில் முதல் கேள்வியே அந்த 8 சதவீதத்தில் வந்தது. பழைய வரைவில் அதற்கு ‘மறைமுகச் செலவு’ என்று போட்டிருந்தார்கள், நான் ‘நிறுவனப் பொதுச் செலவு’ என்று மாற்றி, அடைப்புக்குள் பழைய பெயரையும் விட்டிருந்தேன். நிதி தருகிறவர்களின் தாளில் அதுதான் இருக்கும், நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா? தொழிற்சங்கத்துக்காரர் நேரே அடைப்புக்குள் போய்விட்டார்.

“மறைமுகம்னு போட்டிருக்கே, இது யார் கைக்குப் போவுது?”

ஆய்வாளர் பதில் சொன்னார். கட்டிடம், கரண்ட், கணக்குப் பார்க்கிற அலுவலகம், தணிக்கை. எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாத செலவு, அதனால் சதவீதமாக வாங்குகிறார்கள்.

“சரி. 40 லட்சத்துல 8 சதவீதம்னா 3 லட்சத்து 20 ஆயிரம் வரணும். நீங்க 2 லட்சத்து 56 ஆயிரம்தான் போட்டிருக்கீங்க. குறைச்சுக் காட்டுறீங்களா?”

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. சுருக்கத்தில் அதற்கான வரி இருந்தது, அவர் இன்னும் அங்கே வரவில்லை, அவ்வளவுதான். சதவீதம் என்று எழுதினால் எதில் சதவீதம் என்பதையும் எழுதியே ஆகவேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தரும் பொதுச் செலவும் 8 சதவீதம்தான், அதைக் கணக்கிடும்போது கருவிகளுக்கான பணத்தைக் கழித்துவிடுவார்கள். இந்த விண்ணப்பத்திலும் அதே முறை. 40இல் கருவிகளின் 8 போனால் 32 லட்சம், அதில் 8 சதவீதம் 2 லட்சத்து 56 ஆயிரம். ஆசிரியர் பேனாவால் தாளின் ஓரத்தில் கழித்துப் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சங்கத்துக்காரரிடம் தள்ளினார்.

அடுத்த கேள்வி மூன்று லட்சத்தில் விழுந்தது. அந்தத் தலைப்பைப் பழைய வரைவு ‘பங்கேற்பாளர் இழப்பீடு’ என்று எழுதியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் குழுவில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இழப்பீடு என்றால் கை போனால், கால் போனால் கொடுப்பது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் கொடுக்கவேண்டியது தனி. அதற்கு நெறிமுறைக் குழுவும் காப்பீடும் விதிகளும் உண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இரண்டையும் பிரித்தே பேசுகின்றன. இங்கே இருந்தது வந்துபோகும் செலவும் அன்றைய கூலி இழப்புக்கு ஈடும். 250 பேர், நான்கு முறை, தலைக்கு 300 ரூபாய். ‘பயணப்படியும் கூலி ஈடும்’ என்று எழுதியிருந்தேன். கூலி என்ற சொல் வந்ததும் அவர்களுக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது.

“தம்பி, 300 ரூவாய்க்கு ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு யாரு வருவா?” என்றார் அங்கிருந்ததிலேயே மூத்த பெண். “முதல் தடவ வருவோம். நாலாவது தடவைக்கு ஆளு இருக்காது.”

ஆய்வாளர்கள் அஞ்சும் காரியம் அதுதான். முதல் ரத்தம் கிடைத்து, மூன்று மாதம் கழித்து ஆள் கிடைக்காவிட்டால், அந்த ஏற்றம் அன்றைய வெயிலாலா நோயாலா என்று சொல்லவே முடியாது. 450 ரூபாயாவது வேண்டும் என்றார்கள். ஆயிரம் வருகைக்கு 150 கூடினால் ஒன்றரை லட்சம். மொத்தம் கூடக்கூடாது. எங்கிருந்து எடுப்பது?

சங்கத்துக்காரர் கருவிகளில் ஒரு லட்சம் குறைக்கச் சொன்னார். கூட்டத்துக்கு வந்திருந்த நிறுவனக் கணக்கு அலுவலர் தடுத்தார். கருவியிலிருந்து எடுத்துக் கூலி ஈட்டில் சேர்த்தால் கழித்த பின் நிற்கும் தொகை 33 லட்சமாகும், பொதுச் செலவில் 8,000 ரூபாய் ஏறும், மொத்தமும் ஏறும். சில்லறையில் கை வைக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டார். காகிதமும் நகலும்தான் என்று எழுதியிருந்ததால்தான் அதை அவரால் கேட்க முடிந்தது. ஒப்புதல் படிவங்களுக்கே நிறைய அச்சு வேண்டும் என்பதால் 50 ஆயிரத்துக்குமேல் முடியாது என்றானது. மீதி ஒரு லட்சம் பயணத்திலிருந்து. ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வராமல், அளத்து ஓரத்திலேயே ரத்தம் எடுத்தால் வண்டி வாடகை மிச்சம். சில்லறையும் பயணமும் 32 லட்சத்துக்குள்ளேயே இருப்பவை, கூலி ஈடும் அப்படித்தான். 42.56 லட்சம் அசையவில்லை.

இதை எல்லாம் விண்ணப்பம் போகும் முன்பு செய்ததால் ஒரு பேனாவோடு முடிந்தது. நிதி ஒப்பளிப்பு ஆன பிறகு ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டுமானால் அதற்கு மறு நிதி ஒதுக்கம் என்று பெயர், தருகிறவர்களிடம் எழுதிக் கேட்டு நிற்கவேண்டும். அப்பா இந்தச் சொல்லை உச்சரிக்கும்போது குரல் இறங்கிவிடும். அந்தக் கோப்புகள் மாதக்கணக்கில் அவர் மேசையைக் கடந்து போய்த் திரும்பி வந்திருக்கின்றன.

ஆய்வின் கால அட்டவணையில் இன்னொன்றையும் குழுவினர் மாற்றினார்கள். ஒரு ரத்த எடுப்பு நவம்பரில் இருந்தது. மழையில் அளத்து வேலை நின்றுபோகும், ஆட்கள் வேறு பிழைப்புக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் என்று திருத்தினார்கள். இதில் மொழிபெயர்க்க ஒன்றுமே இருக்கவில்லை.

கடைசியாக அந்த மூத்த பெண்ணே கேட்டார். அளத்தில் கழிப்பறை இல்லை, அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம், சிறுநீரகம் கெடுவதற்கு இதைவிடக் காரணம் தேடுவானேன், இந்தப் பணத்தில் ஒன்று கட்ட முடியுமா? ஆய்வாளர் முடியாது என்றார். கட்டுமானத்துக்கு இந்த நிதியில் தலைப்பே இல்லை. சுருக்கத்தின் முடிவில் ‘இந்த நிதியில் செய்ய முடியாதவை’ என்று ஒரு பகுதி சேர்க்கட்டுமா என்று கேட்டேன், சம்மதித்தார். சிகிச்சை, கழிப்பறை, குடிநீர்த் தொட்டி மூன்றையும் அதில் எழுதினோம். குழுவின் கருத்துரையில் ஆசிரியர் தன் கையெழுத்தில் கழிப்பறையை முதல் வரியாக வைத்தார். அதை ஆங்கிலமாக்கி விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பும் வேலையும் எனக்கே வந்தது.