பிரஷ்ஷுக்குப் பிடிச்ச பாட்டு!

வாட்டர் கலரில் வானம் வரைஞ்சிருக்கீங்களா? வரைஞ்சிருந்தா, அந்த நடுங்க வைக்கிற ஏழெட்டு நிமிஷம் உங்களுக்குத் தெரியும். பேப்பர் ஈரமா மினுமினுன்னு இருக்கும்போதே கலரை விட்டு, ஓட விட்டு, கையை எடுத்துடணும். கொஞ்சம் லேட்டானாலும் வானத்துல காலிஃப்ளவர் பூத்துடும். நிஜமாவே அதோட பேரு அதுதாங்க! பாதி காய்ஞ்ச கலர் மேல ஈர பிரஷ்ஷை வெச்சா, தண்ணி உள்ளே புகுந்து கலரைத் தள்ளிக்கிட்டுப் போய், ஓரத்துல பூ மாதிரி கோடு போட்டுடும். அந்த லேட்டுக்குப் பல தடவை காரணம் கை இல்லை, காது!

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் லீவுக்கு வீட்டுக்குப் போனா, மொட்டை மாடியில இருந்து தெரியுற சாயங்காலத்தைத்தான் வரைவான். கூடவே ஹெட்போன்ல சோகப் பாட்டு. அவன் படங்களை வரிசையா வெச்சுப் பார்த்தா ஒரு வேடிக்கை. எல்லா வானத்துலயும் நடுவுல ஒரு கோடு. சரணத்துல உருக்கமான வரி வரும்போதெல்லாம் பயல் பிரஷ்ஷை அந்தரத்துல நிறுத்தி ரசிச்சிருக்கான். வானம் அவனுக்காகக் காத்திருக்குமா என்ன? காய்ஞ்சு போச்சு!

'அப்போ பாட்டே வேணாமா?'ன்னு கேட்டா... அங்கேதான் மேட்டரே இருக்கு. 2017-ல் ரிட்டர், ஃபெர்குசன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணினாங்க. விவால்டியோட துள்ளலான இசையைக் கேட்டுக்கிட்டே யோசிச்சவங்களுக்கு, சத்தமில்லாம யோசிச்சவங்களைவிட விதவிதமான ஐடியாக்கள் நிறைய வந்துச்சு. ஆனா, ஒரே ஒரு சரியான விடையைத் தேடுற வேலையில வித்தியாசமே இல்லை. 2019-ல் இன்னொரு குழு வார்த்தைப் புதிர்களை வெச்சுப் பார்த்தப்போ கதையே மாறிப்போச்சு. பாட்டு கேட்டவங்க அமைதியில இருந்தவங்களைவிட கம்மியாத்தான் புதிரை விடுவிச்சாங்க, அதுவும் வார்த்தையே இல்லாத இசைக்கும்கூட!

ரெண்டுமே பெயின்டிங்கை வெச்சுப் பண்ணின சோதனை இல்லை. ஆனா, ஒரு படத்துக்குள்ளேயே இந்த ரெண்டு வேலையும் ஒளிஞ்சிருக்கு பாருங்க. அதனால 'எந்தப் பாட்டு?'ங்கிறதைவிட 'எந்தக் கட்டத்துல எந்தப் பாட்டு?'ன்னு கேட்கிறதுதான் சரி.

அந்த மொட்டை மாடி சாயங்காலத்தையே எடுத்துக்குவோம். ஏ4 சைஸ், 300 ஜிஎஸ்எம் பேப்பர். நாலு பக்கமும் டேப் ஒட்டியாச்சு. முதல்ல பென்சில். தண்ணி டேங்க் எவ்வளவு உசரம், தென்னை மரம் எந்தப் பக்கம் சாயுது, அடிவானம் எங்கேன்னு அளக்கிற வேலை. இது ஒரே விடை தேடுற கணக்கு மாதிரி. இங்கே பாட்டு வேணாம். பதினைஞ்சு நிமிஷம் ஃபேன் சத்தமே போதும். பக்கத்து ரூம்ல அம்மா பார்க்கிற சீரியல் கேட்டா, கதவைச் சாத்திடுங்க. நமக்குப் புரியுற பேச்சு காதுல விழுந்தா, வேணாம்னாலும் மனசு அது பின்னாடி ஓடிடும்.

அடுத்து வானம். இங்கேதான் கை இளகணும். சுத்தமான தண்ணியைத் தட்டை பிரஷ்ஷால பேப்பர் முழுக்கத் தடவி, கீழே ஆரஞ்சு, மேலே நீலம். ரெண்டும் நேரா மோதினா அழுக்கு சாம்பல் ஆகிடும். அதனால நடுவுல வெறும் தண்ணியா ஒரு பட்டை விட்டு, ரெண்டையும் தானா வந்து தொட விடணும். பேப்பரைச் சாய்க்கிறது, பார்க்கிறது, விடுறதுன்னு பாதி முடிவு நம்மளோடது, மீதி தண்ணியோடது. ஃபேனை மட்டும் அணைச்சுடுங்க, இல்லேன்னா பாதியிலேயே காய்ஞ்சிடும்.

இதுக்கு என் ஓட்டு 1967-ல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' ஆல்பத்துக்கு. சிவகுமார் சர்மாவோட சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவோட புல்லாங்குழல், பிரிஜ்பூஷன் காப்ராவோட கிடார். ஒரு காஷ்மீர் ஆட்டிடையனோட ஒரு நாளை, விடியல்ல இருந்து ராத்திரி வரைக்கும் ராகங்களாவே சொல்ற ஆல்பம். முதல் உருப்படியே பத்து நிமிஷத்துக்கு மேல ஓடும். அவசரமே இல்லாம ஆரம்பிக்கும். வார்த்தை கிடையாது. அதைப் போட்டு ரெண்டு மூணு நிமிஷம் காது பழகின அப்புறம் பேப்பரை நனைச்சா, வானம் முடியுற வரைக்கும் உருப்படி மாறாது.

இது ஏன் உதவுதுன்னு 'சிக்னல்ஸ்' படிக்கிற பசங்களுக்குச் சட்டுன்னு புரியும். ஒரே மாதிரி போயிட்டிருக்கிற சத்தத்தைக் காது மெள்ள மறந்துடும். திடீர் மாற்றம் வந்தா திரும்பிப் பார்க்கும். நம்ம சினிமாப் பாட்டு நாலஞ்சு நிமிஷத்துக்குள்ளே பல்லவி, இடையிசை, சரணம்னு மாறிக்கிட்டே இருக்கு. நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கத்தானே அதை உருவாக்கினாங்க! ராஜா சாரோட 'ஹவ் டு நேம் இட்' (1986) வார்த்தையே இல்லாத ஆல்பம்தான். ஆனாலும் வானத்துக்கு அதை நான் போட மாட்டேன். வயலின்கள் ஒண்ணை ஒண்ணு துரத்துற இடங்கள்ல காது பிரஷ்ஷை விட்டுட்டு அது பின்னாடி போயிடும். கச்சேரி தனி ஆவர்த்தனமும் அப்படித்தான், கை தொடையில தாளம் போட ஆரம்பிச்சா பெயின்ட்டை எந்தக் கை பார்க்கும்? அதே கச்சேரியில ராக ஆலாபனை ஓகே. வீணையா இருந்தா டபுள் ஓகே.

காதைத் திருடாத இசை பண்றது லேசுப்பட்ட வேலை இல்லை. 1920-ல் பாரீஸ் ஓவியக் கூடம் ஒண்ணுல எரிக் சாட்டி, மேஜை நாற்காலி மாதிரி சும்மா ஓரமா இருக்கிறதுக்குன்னே ஒரு இசை போட்டார். யாரும் கவனிக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லியாச்சு. ஆனா, வாசிக்க ஆரம்பிச்சதுமே ஜனங்க பேச்சை நிறுத்திட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. மனுஷன் 'பேசுங்கப்பா, நடங்கப்பா'ன்னு சுத்திச் சுத்திக் கெஞ்சினாராம்!

சத்தம் எவ்வளவு வைக்கிறது? டம்ளர்ல பிரஷ் அலசுற 'டிங் டிங்' கேட்கணும். அது கேட்கலைன்னா குறைங்க. ஹெட்போனைவிட, ரூமோட மறு மூலையில ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டர். ஈரக் கையோட அடுத்த பாட்டு தேடுற வேலையும், நடுவுல வந்து கத்துற விளம்பரமும் ஆகவே ஆகாது. ஸோ, ஆல்பத்தை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க.

வானம் காயணும். புறங்கையால தொட்டுப் பார்த்து, ஜில்லுன்னு இருந்தா உள்ளே இன்னும் ஈரம் இருக்கு. இந்த கேப்புல எந்தக் குத்துப் பாட்டு வேணாலும் போட்டு ஆடுங்க, சோகப் பாட்டுக்கு அழுங்க. யாரு கேட்கப் போறா?

கடைசியா தென்னை ஓலைகள். கறுப்பா, விறுவிறுன்னு மணிக்கட்டை வீசி இழுக்கணும். யோசிச்சு இழுத்தா ஓலை துடைப்பக்குச்சி மாதிரி வந்துடும். இங்கே வார்த்தையுள்ள பாட்டுக்கும் அனுமதி உண்டு, ஒரே ஒரு கண்டிஷனோட. நூறு தடவை கேட்டுச் சலிச்ச பாட்டா இருக்கணும். போன வாரம் ரிலீஸான பாட்டுன்னா வரியைப் பிடிக்க மனசு ஓடும். பழசுல அந்த வேலை இல்லை. ஆனா, ஒண்ணு கவனிங்க. பீட் ரொம்ப சீரா இருந்தா ஓலையும் சீப்புப் பல் மாதிரி ஒரே இடைவெளியில விழும். அப்படி விழ ஆரம்பிச்சா பாட்டை நிறுத்திட்டு நாலு ஓலை இழுங்க.

பாட்டு கவனத்தைத் திருடுச்சான்னு எப்படித் தெரியும்? படம் முடிஞ்சதும், வானம் போட்டப்போ என்னென்ன வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. வரிசையா ஒப்பிச்சீங்கன்னா, அடுத்த தடவை வேற ஆல்பம் தேடுங்க. 'அட, புல்லாங்குழல் எப்போ வந்துச்சு?'ன்னு முழிச்சீங்கன்னா அதையே வெச்சுக்கலாம். இப்போ டேப்பைப் பிரிங்க. மெதுவா, வெளிப்பக்கமா சாய்ச்சு இழுங்க பாஸ், பேப்பர் கிழிஞ்சிடப் போகுது!