முதலில் சட்டம், பிறகு படம்

கும்பகோணத்தில் ஒரு டி.டி.பி. கடையில் தொழில் பழகியபோது, முதன்முதலில் முழுதாக என் கைக்கு வந்தது ஒரு முன்னாள் மாணவர் சங்கத்தின் விழா மலர். நிர்வாகிகள் பக்கத்தில் ஒவ்வொருவர் முகமும் 3 செ.மீ. வட்டத்துக்குள் வரவேண்டும், அடியில் பெயர். வேலை Microsoft Word-இல். படங்களோ வாட்ஸ்அப்பில் வந்தவை. சில நெடுக்காகவும் சில குறுக்காகவும் எடுத்தவை.

கடை அக்கா எனக்குச் சொன்ன முதல் பாடம்: "படத்துக்கு ஏத்த மாதிரி சட்டம் போடாத. சட்டத்த முதல்ல முடிவு பண்ணு. அதுக்குள்ள எது இருக்கணும், எது போனாப் பரவால்லனு அப்புறம் பாரு."

அவர் செய்து காட்டிய முறை இது. படத்தைத் தேர்ந்தெடுத்து, Picture Format பட்டையில் Size பகுதியின் மூலையிலுள்ள சிறு அம்பைச் சொடுக்கினார். Lock aspect ratio-வின் டிக்கை எடுத்துவிட்டு உயரம் 3, அகலம் 3 என்று கொடுத்தார். நெடுக்குப் படம் சதுரத்துக்குள் நசுங்கி, முகம் அகன்று போனது. உடனே Crop பொத்தானின் கீழ் அம்பை அழுத்தி Fill கொடுத்தார். சட்டம் அதே 3 செ.மீ. சதுரமாக இருக்க, முகம் பழைய வடிவத்துக்குத் திரும்பியது.

அங்கே நடப்பதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகப் புரியும். போன் படம் பெரும்பாலும் 3-க்கு 4 விகிதம். Fill கொடுத்தால் அகலம் 3 செ.மீ. நிரம்பும், உயரம் 4 செ.மீ. ஆகும், மிஞ்சிய 1 செ.மீ. மேலே பாதி, கீழே பாதியாக வெட்டுப்படும். தலை படத்தின் உச்சியை ஒட்டியிருந்தால் நெற்றி போய்விடும். அதனால் Fill கொடுத்ததும் வெளியே வந்துவிடக் கூடாது. கறுப்புக் கைப்பிடிகள் தெரியும்போதே படத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, முகத்தைச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் Esc அழுத்த வேண்டும். அதே படத்துக்கு Fit கொடுத்தால் உயரம் 3 செ.மீ. ஆகி, அகலம் 2.25 செ.மீ.க்குச் சுருங்கும். எதுவும் வெட்டுப்படாது, ஆனால் இரு பக்கமும் வெற்றிடம் தெரியும்.

அடுத்து Crop to Shape. அதில் Oval தேர்ந்தெடுத்தால், சட்டம் சதுரமாக இருப்பதால் சரியான வட்டம் கிடைக்கும். சட்டம் நெடுக்காக இருந்தால் முட்டை வடிவம்தான் வரும். சதுரத்திலிருந்து வட்டம் எடுக்கும்போது நான்கு மூலைகளுமாகச் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மறைந்துவிடும். ஆகவே தலைமுடிக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டே வைக்க வேண்டும். வட்டத்தின் இடமும் வலமும் நேர்கோடாகச் சீவியது போலத் தெரிந்தால், அந்தப் படத்துக்கு யாரோ Fit கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

Fit-டுக்கு உரிய இடம் விளம்பரப் பக்கம். கடைகளின் சின்னங்களில் ஓர் எழுத்து வெட்டுப்பட்டாலும் பெயர் மாறிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுச் செவ்வகச் சட்டம் கொடுத்து, உள்ளே Fit போட்டால் வரிசை கலையாது, எழுத்தும் போகாது. வெள்ளைத் தாளில் ஓர வெற்றிடம் கண்ணில் படாது. சான்றிதழ், கையொப்பம், குழுப் படம் ஆகியவற்றுக்கும் இதுவே வழி.

குழுப் படத்திலிருந்து ஒருவர் முகத்தை மட்டும் எடுத்து வட்டத்தில் நிரப்பச் சிலர் கேட்பார்கள். 300 பி.பி.ஐ. தரத்தில் அச்சிட 3 செ.மீ.க்குச் சுமார் 354 பிக்சல் தேவை. வட்டத்துக்குள் வரும் பகுதி மூலப் படத்தில் 120 பிக்சல்தான் என்றால் தரம் 100 பி.பி.ஐ. அளவுக்கு இறங்கி, அச்சில் மங்கும். அப்போது வேறு படம் கேட்பதே சரி.

கடைசிப் பாடம் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. Crop மறைக்குமே தவிர அழிக்காது. கோப்பை வாங்கியவர் படத்தின் மீது Crop-ஐ மறுபடி அழுத்தினால், வெட்டிய பகுதி மங்கலாகத் தெரியும். எல்லாம் முடிந்தபின் Compress Pictures-இல் Delete cropped areas of pictures கொடுத்துச் சேமித்தால் சதுரத்துக்கு வெளியே உள்ளவை போய்விடும். பிறகு திரும்பக் கிடைக்காது. ஆனால் அப்போதும் வட்டத்தின் நான்கு மூலைகள் கோப்பிலேயே இருக்கும். அங்கே பக்கத்தில் நின்ற குழந்தையின் முகமோ, அடையாள அட்டையோ இருந்தால், அதை வேறு செயலியில் நீக்கிவிட்டே படத்தை Word-க்குள் கொண்டுவாருங்கள்.