எங்கிருந்து வந்தது? – ஓர் அறிவுரைக்கு மறுமொழி

கரவெட்டியில் ஓய்வுற்று வாழும் எம் ஆசிரியர், தமிழ் கற்கப் புகும் மாணவர்க்குச் சில அறிவுரைகள் எனும் தலைப்பிற் கட்டுரையொன்று எழுதியிருந்தார். அதிற் கூறப்பட்டவை பல. அவையனைத்துக்கும் நன்றி கூறுவதிலும், அவற்றுள் என் வேலைமுறையை மாற்றிய ஒன்றை மட்டும் எடுத்து, அது எவ்வாறு பயன்பட்டது என்று காட்டுவதே பொருத்தமான நன்றியாகும் எனக் கருதுகின்றேன். அதனாலேயே இம்மறுமொழி.

அவ்வறிவுரை மிகச் சிறியது. “குறிப்பு எடுக்கும்போது என்ன செய்தி என்பதை மட்டும் எழுதாதே, அது நூலின் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை ஓர் எழுத்தால் மூலையிற் குறித்துவை” என்பதே அது. அதுவரை நான் பொருள்வாரியாகவே குறிப்பெடுத்து வந்தேன். வள்ளல்கள் என ஒரு கட்டு, போர் என ஒரு கட்டு, பெண்பாற் புலவர் என ஒரு கட்டு. இப்போது கட்டுகள் அவ்வாறே உள்ளன. ஆனால் ஒவ்வொரு துண்டின் இடது மூலையிலும் ஓர் எழுத்து நிற்கின்றது. பாட்டிலேயே உள்ள செய்தியாயின் ‘பா’. பாட்டின் அடியில் நிற்கும் திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்பாயின் ‘கு’. உரையாசிரியர் கூற்றாயின் ‘உ’. பிற்காலக் கதையாயின் ‘க’. என் ஊகமாயின் ‘ஊ’. ஒரு துண்டில் ஒரே செய்தி. ஒரு செய்திக்கு ஒரே எழுத்து.

இதன் பயன் புறநானூற்றிலேதான் நன்கு விளங்கும். அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். முதல் 266 பாடல்களுக்குப் பழைய உரை உண்டு. பெரும்பாலான பாடல்களின் அடியிலே பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் தரப்பட்டுள்ளன. அக்குறிப்புகள், பாடல்களைத் தொகுத்தோரோ அவர்க்குப் பின் வந்தோரோ சேர்த்தவை என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. அச்சிட்ட பக்கத்திலே பாட்டும் குறிப்பும் உரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால், படிப்போர் மனத்தில் அவை மூன்றும் ஒரே குரலாகக் கலந்துவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். “மூவேந்தரிடம் பறம்பை இழந்த பாரியின் மகளிராகிய அங்கவையும் சங்கவையும் தம் துயரைப் பாடினர்” என்பது நாம் எல்லோரும் பாடசாலைக் காலந்தொட்டுக் கேட்டுவரும் வாக்கியம். 112ஆம் பாடலைக் குறித்தே அது கூறப்படுகின்றது. அவ்வாக்கியத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலையிலும் எழுத்திட முயன்றேன்.

முதலிற் பாட்டு. அதிலே பேசுவோர் பலர். தம்மைப் பன்மையிலேயே குறிக்கின்றனர். ஒரு திங்களுக்கு முன் நிலவிருந்தபோது தம் தந்தையும் இருந்தார், தம் குன்றும் பிறர் கைப்படவில்லை; இத்திங்களின் நிலவிலோ வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையும் இல்லை. ‘பா’ என்னும் எழுத்தின்கீழ் வருவது இவ்வளவே. பாரி என்ற பெயரோ பறம்பு என்ற பெயரோ பாட்டில் இல்லை. ‘வேந்தர்’ என்ற சொல் உண்டு. அவர் எத்தனை பேர், எவ்வெவர் என்பது இல்லை. பேசுவோர் பெண்கள் என்பதுகூடப் பாட்டிலே வெளிப்படையாக இல்லை. இதைப் பாடியோர் பாரி மகளிர் என்பது அடிக்குறிப்புத் தரும் செய்தி. எனவே அதற்குக் ‘கு’.

மூவேந்தர் என்ற செய்தி எங்கிருந்து வந்தது? கபிலர் பாடிய 110ஆம் பாடலிலே மூவர் கூடிப் பகைத்தமை கூறப்படுகின்றது; பறம்பின் பெயரும் அதிலே உண்டு. ஆகவே அதற்கும் ‘பா’ என்றே எழுதலாம். ஆனால் பாடல் எண் வேறு. அன்றியும், 110 கூறுவது முற்றுகையை. குன்று வீழ்ந்ததை அன்று. குன்று கொள்ளப்பட்டதைக் கூறுவது 112. கொண்டவர் மூவர் என்பதை அது கூறவில்லை. இரண்டையும் இணைத்து ‘மூவேந்தர் பறம்பைக் கொண்டனர்’ என்று கூறும்போது, அவ்விணைப்புக்குத் தாங்குகோலாக நிற்பது 112இன் அடிக்குறிப்பே. அத்துண்டின் மூலையில் ‘ஊ’ என்று எழுதினேன். தக்க ஊகந்தான், எனினும் ஊகமே.

பாரி இறந்தான் என்பதும் அவனுடைய மகளிர் கபிலரின் பாதுகாப்பில் இருந்தனர் என்பதும் அவ்வாறல்ல. 113ஆம் பாடல் பாரி மாய்ந்தமையைப் பெயர் கூறியே சொல்கின்றது. 200ஆம் பாடலில் விச்சிக்கோவிடம் கபிலர் பாரி மகளிரைப் பாட்டினுள்ளேயே சுட்டுகின்றார். இவற்றுக்குத் தயங்காமல் ‘பா’ இடலாம். அங்கவை, சங்கவை என்னும் பெயர்களோ புறநானூற்றில் எவ்விடத்தும் இல்லை. அவை ஔவையாரோடு தொடர்புபட்ட பிற்காலக் கதைகளோடு வருவன. அவற்றுக்குக் ‘க’.

இவ்வாறு பிரித்தபின், ஒரே வாக்கியத்தினுள் நான்கு வெவ்வேறு வலிமையுடைய செய்திகள் ஒரே உறுதியோடு நிற்பதைக் காண முடிந்தது. இனி நான் கட்டுரை எழுதும்போது, ஒரு வாக்கியத்தின் பின்னால் இரண்டு எழுத்துகள் நிற்குமாயின் அதை இரண்டாக உடைக்கின்றேன். அல்லது ‘என அடிக்குறிப்புக் கூறும்’ என்ற தொடரைச் சேர்க்கின்றேன்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ‘கு’ என்ற எழுத்து, செய்தி பொய் என்பதற்கு அடையாளமன்று. பழைய மரபொன்றை அக்குறிப்பு உண்மையாகவே காத்து வந்திருக்கலாம். மகளிரே பாடியிருக்கலாம், அவர்களின் நிலையில் நின்று வேறொரு புலவரும் பாடியிருக்கலாம். எது உண்மை என்பதை எழுத்து தீர்த்துவைப்பதில்லை. கேள்வி எவ்விடத்தில் இருக்கின்றது என்பதையே காட்டுகின்றது. கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி (1932–2011) போன்றோர் சங்கப் பாடல்களைப் பண்டைச் சமூகத்தை அறியும் சான்றுகளாகக் கொண்டு ஆராய்ந்தனர். பாட்டைச் சான்றாக்குவோர்க்கு அது எந்த அடுக்கின் சான்று என்ற வினா தவிர்க்க முடியாதது.

இப்பாடம் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. 1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியிலே தொடங்கிய இராணுவ நடவடிக்கையின்போது எம் குடும்பத்தார் வீட்டைவிட்டு வெளியேறிய கதையை ஆச்சியிடம் கேட்டு எழுதிவருகின்றேன். அவர் கூற்றிலே தாம் கண்டதும், அயலவர் சொல்லக் கேட்டதும், பின்னாளிற் பத்திரிகையில் வாசித்ததும் ஒரே ஓட்டமாக வரும். இடையிலே, “அதை நீங்கள் கண்டனீங்களோ, ஆச்சி?” என்று கேட்பேன். “நான் காணேல்லைப் பிள்ளை, சின்னம்மா சொன்னது” என்பார். அதையும் எழுதி, மூலையில் வேறோர் எழுத்து இடுகின்றேன். சின்னம்மா இன்று இல்லை; அவர் கண்டது ஆச்சியின் வாய்வழியாகவே மிஞ்சியுள்ளது. அவ்வெழுத்தை இடாதுவிடின், அவர் இக்கதையில் இருந்தார் என்பதே நாளடைவில் மறைந்துபோகும்.

குன்றையும் தந்தையையும் இழந்தோரின் குரலாக 112ஆம் பாடலை நான் இப்போதும் படிக்கின்றேன். பெயர்கள் யாவும் நீங்கியபின்னும் அப்பாட்டின் துயரம் குறையவில்லை என்பதை அறிந்ததும் இம்முறையாலேயே. அதற்காக ஆசிரியர்க்கு என் நன்றி உரியது.