நாற்பது விழுக்காட்டுக் கணக்கு

ஓய்வு பெறப்போகிற பிள்ளைகள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான். "சார், கம்யூட்டேஷன் வாங்கலாமா, வேண்டாமா?" கணக்குப் பிரிவில் பல காலம் உட்கார்ந்தவன் என்பதால் ஒரே வார்த்தையில் பதில் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரே வார்த்தையில் சொல்கிற விஷயம் இல்லை இது. ஆனால் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் அரை மணியில் தெளிவாகிவிடும்.

2004க்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் தம் அடிப்படை ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டு கழித்து மீண்டும் ஓய்வூதியத்தோடு சேர்ந்துவிடும். அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு அடுத்த பிறந்த நாளில் 61 வயது. அந்த வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 8.194.

அஞ்சல் துறையில் ஒருவர் 80,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை ஓய்வூதியம் 40,000. அதில் 40 விழுக்காடு 16,000. இதை 12ஆல் பெருக்கி, பிறகு 8.194ஆல் பெருக்கினால் 15,73,248 ரூபாய். அது கையில் வந்த நாளிலிருந்து மாதம் 16,000 பிடித்தம். அகவிலைப்படி மட்டும் முழு 40,000க்கே கணக்கிடப்படும். பலருக்கு இது தெரியாது. பிடித்தத்தோடு படியும் குறைந்துவிடும் என்று வீணாகப் பயப்படுகிறார்கள்.

இதற்குமேல்தான் ஆளுக்கொரு கணக்கு. 16,000 வீதம் 180 மாதம் பிடித்தால் 28,80,000 ஆகிறது, ஆகவே 13 லட்சம் நஷ்டம் என்பார் ஒருவர். எட்டு வருஷம் இரண்டு மாதத்தில் அசல் திரும்பிவிடுகிறது, மிச்சமெல்லாம் அரசுக்கு லாபம் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் செய்கிற பிழை ஒன்றுதான். இன்று கிடைக்கிற ரூபாயையும் பதினான்கு வருஷம் கழித்துக் கிடைக்கிற ரூபாயையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுகிறார்கள்.

சரியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்த 15,73,248 ரூபாயை 7 விழுக்காடு வட்டி தருகிற இடத்தில் போட்டுவிட்டு, பிடித்தம் போகும் 16,000ஐ மாதாமாதம் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்யுங்கள். பணம் எத்தனை நாள் வரும்? ஏறத்தாழ 12 ஆண்டு 2 மாதம். அதற்குப்பின் கணக்கில் ஒன்றுமில்லை, பிடித்தமோ இன்னும் இரண்டு வருஷம் பத்து மாதம் ஓடும். இதையே இன்றைய மதிப்பில் சொன்னால், 15 ஆண்டுப் பிடித்தம் முழுவதும் 7 விழுக்காட்டில் இன்றைக்கு 17 லட்சத்து 80 ஆயிரம் பெறும். வாங்குவது 15 லட்சத்து 73 ஆயிரம். பதினைந்து ஆண்டும் உயிரோடு இருப்பவருக்கு உண்மையான குறைவு இரண்டு லட்சத்துச் சொச்சம்தான், பதின்மூன்று லட்சம் அல்ல.

எந்த வட்டியில் இரண்டு பக்கமும் சமமாகும் என்று போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 9 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. 2006க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு இதே 61 வயதுக்கு எண் 9.81ஆக இருந்தது. அந்தக் கணக்கில் வட்டி 6 விழுக்காடு அளவுதான் வரும். 2008இல் புதிய அட்டவணை வந்தபோது எண் குறைந்தது, 15 ஆண்டு மட்டும் குறையாமல் அப்படியே நின்றது. ஊழியர் சங்கங்கள் அதை 12 ஆக்கச் சொல்லிக் கேட்பதில் கணக்கு நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து.

ஆக, இது 9 விழுக்காட்டுக் கடன். ஆனால் வேறு எந்தக் கடனுக்கும் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. வாங்கியவர் இறந்தால் கடனும் அன்றோடு முடிந்தது. பாக்கியைக் குடும்பத்திடம் யாரும் கேட்கமாட்டார்கள். குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துத் தரப்படுவது, கம்யூட்டேஷன் பிடித்தம் அதைத் தொடாது. "நான் போய்விட்டால் அவளுக்குக் குறைந்துவிடுமே" என்று மனைவியை நினைத்துத் தயங்குகிறவர்கள் அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம்.

ஆயுள் இங்கேதான் கணக்குக்குள் வருகிறது. 7 விழுக்காட்டில் பார்த்தால் 72 வயதைத் தாண்டிச் சில மாதத்துக்குள் காலமாகிறவருக்கு மொத்தமாக வாங்கியது லாபம், அதற்குமேல் இருப்பவருக்கு வாங்காதது லாபம். இந்தியர்களின் சராசரி ஆயுள் எழுபதுதானே என்று சொல்லி இதைத் தீர்மானிக்கக் கூடாது. அது பிறக்கும் குழந்தைக்கான சராசரி. அறுபதைத் தொட்டவருக்கு அதற்குமேல் சராசரியாகப் பதினெட்டு ஆண்டு அளவில் இருக்கிறது. ஆகவே நல்ல உடம்போடு ஓய்வு பெறுகிறவர் 72ஐத் தாண்டுவார் என்றே கணக்குப் போட வேண்டும்.

ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது. இதய நோயாளிக்கும் தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவருக்கும் அதே 8.194. ஆணுக்கும், சராசரியில் அவனைவிட அதிகம் வாழும் பெண்ணுக்கும் அதே எண். உடல் நிலை மோசமாக இருப்பவர் முழு 40 விழுக்காட்டையும் யோசிக்காமல் வாங்கலாம். தாயும் பாட்டியும் தொண்ணூறைப் பார்த்த குடும்பத்துப் பெண் ஊழியர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நிதானித்தாலும் பயப்பட வேண்டியதில்லை. முன்பெல்லாம் இந்தப் பிடித்தம் சாகும்வரை இருந்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் 'காமன் காஸ்' வழக்கில் தலையிட்ட பிறகே 15 ஆண்டில் முழு ஓய்வூதியம் திரும்புவது நடைமுறைக்கு வந்தது. அது இல்லாமல், நம் அஞ்சல்காரர் 85 வரை இருந்தால் அதே 7 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரம் இழப்பார். இப்போது தொண்ணூறு வரை இருந்தாலும் இழப்பு இரண்டு லட்சத்துச் சொச்சத்தோடு நின்றுவிடுகிறது. நீண்ட ஆயுளுக்கு ஒரு வரம்பு கட்டிக் கொடுத்த தீர்ப்பு அது. திரும்பக் கிடைக்காத வகையில் ஓய்வூதியத்தை மொத்தமாக வாங்கச் சொல்லும் வேறு திட்டம் எதிலாவது இருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே வரம்பே இல்லை.

வீட்டில் 12, 14 விழுக்காட்டில் தனிநபர் கடன் ஓடிக்கொண்டிருந்தால் கம்யூட்டேஷன் வாங்கி அதை அடையுங்கள், சந்தேகமே வேண்டாம். வாங்கி வங்கி வைப்பில் போட மட்டும்தான் என்றால், 9க்குக் கடன் வாங்கி 7க்குக் கொடுக்கிறீர்கள். மகன் தொழிலுக்குக் கேட்கிறான் என்றால், அது மாதாமாதம் உங்கள் மருந்துச் செலவுக்கு வர வேண்டிய 16,000 என்பதை அவனிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். நாற்பது என்பது உச்ச வரம்புதான். கடன் ஆறு லட்சம் என்றால் அதற்குப் போதுமான அளவு, 16 விழுக்காடு மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். படிவத்தில் எந்த விழுக்காட்டையும் எழுதலாம், ஆனால் எழுதிய பின் கூட்டிக் கேட்க வழியில்லை.

பணம் வரவான தேதியையும் முதல் பிடித்தம் நடந்த மாதத்தையும் ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள், மனைவியிடமும் சொல்லி வையுங்கள். பதினைந்தாண்டு நிறைந்ததும் முழு ஓய்வூதியம் தானாகத் திரும்ப வேண்டும், பிடித்தம் நிற்காமல் தொடர்ந்தால் வங்கியின் ஓய்வூதியப் பிரிவில் அந்தத் தேதியைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.