ஆசிரியரின் குரலும் மாணவரின் காணொளியும்

ஆசிரியரைப் போல நடித்துக் காட்டுவது வகுப்பறைக்குப் புதிதன்று. செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, பல பள்ளிகளில் மூத்த மாணவர்கள் ஆசிரியர்களைப் போல உடுத்தி, அவர்களைப் போலவே பேசிக் காட்டுவர். முன்வரிசையில் அமர்ந்து ஆசிரியர்களும் சிரிப்பர். அதே நடிப்பு இணையத்தில் ஏறும்போது மட்டும் ஏன் புண்படுத்துகிறது? அரங்கில் இருப்போர் அந்த ஆசிரியரை அறிந்தவர்கள். அவர்களுக்கு நையாண்டி என்பது அவருடைய ஒரு சிறு பகுதி. இணையத்தில் பார்ப்போருக்கோ அந்த நையாண்டியே முழு மனிதர்.

தில்லியில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவன் நாற்பது நொடிக் காணொளி ஒன்றை வெளியிட்டான். அவன் நடித்தது தமிழகத்திலிருந்து வந்து இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியரை. அதில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு சூத்திரத்தையும் எழுதி முடித்தபின் சுண்ணக்கட்டியால் கரும்பலகையை இருமுறை தட்டும் அவருடைய வழக்கம். மற்றொன்று, அவருடைய இந்தி. ‘பிஜ்லி ஆதீ ஹை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பிஜ்லி ஆதா ஹை’ என்று மாணவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கீழே குவிந்த கருத்துகளில் பலகையைத் தட்டியதைப் பற்றி ஒன்றுமில்லை. ‘மதராசி’ என்ற சொல்லே நிறைந்திருந்தது.

இவ்விரண்டும் ஒரே வகை அல்ல. பலகையைத் தட்டுவது ஒருவரின் பழக்கம். இந்தியில் பால் பிறழ்வது ஒரு மொழியின் இயல்பு. இந்தியில் மின்சாரமும் பெண்பால், நாற்காலியும் பெண்பால். வினை அதற்கேற்ப மாறும். தமிழிலோ உயிரற்ற பொருள்கள் அஃறிணையில் அடங்கிவிடுகின்றன. அவற்றை ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்கும் தேவையே இல்லை. ஆகவே அந்தப் பிறழ்ச்சி அறியாமையின் அடையாளமன்று. தாய்மொழியின் ஒழுங்கு இரண்டாம் மொழியில் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. மிமிக்ரி கலைஞர் பேச்சில் அடிக்கடி வருவதைத் தேடுவதில்லை. காதில் உறுத்துவதைத் தேடுகிறார். ஆசிரியர் பத்து முறையில் ஒருமுறை பிறழ்ந்திருக்கலாம். காணொளியில் அவர் பிறழாத வாக்கியமே இல்லை.

காணொளியைக் கண்டதும் காலை வழிபாட்டில் மாணவனை மேடையேற்றி மன்னிப்புக் கேட்க வைக்கலாம் என்று சிலர் கூறினர். அவ்வாறு செய்திருந்தால், அதுவரை காணொளியைப் பார்க்காதவர்களும் அன்று மாலையே தேடிப் பார்த்திருப்பார்கள். மன்னிப்புக் காணொளி வெளியிடச் செய்வதும் அத்தகையதே: ஆசிரியரின் அவமானம் இரண்டாம் முறை ஊர்வலம் போகும், பதினான்கு வயதுச் சிறுவனின் முகமும் அதனுடன் இணையத்தில் தங்கிவிடும்.

முதல்வர் முதலில் பேசியது ஆசிரியரிடம், மாணவனிடம் அன்று. எது அவரை வருத்தியது என்று கேட்டார். பலகையைத் தட்டியதைப் பார்த்துத் தாமே சிரித்துவிட்டதாகவும், கருத்துகளைப் படித்தபின் மறுநாள் வகுப்பில் வாய் திறக்கத் தயங்கியதாகவும் அவர் சொன்னார். பிறகு இணைப்பும் நாளும் ஒரு குறிப்பில் பதிவு செய்யப்பட்டன. காணொளியை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம் என்று முதல்வர் தடுத்தார். பெற்றோர் முன்னிலையில் மாணவனே காணொளியை நீக்கினான். யார் யார் பகிர்ந்தார்கள் என்று வகுப்பில் விசாரணை நடத்தவில்லை. காட்டிக்கொடுப்பவனைத் தேடினால் பகை மாணவர்களிடையே இடம் மாறும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆசிரியரின் பெயரிலும் படத்திலும் கணக்கு தொடங்கியிருந்தால் அது நையாண்டி ஆகாது, ஆள்மாறாட்டம். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ தளத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். இங்கே அது தேவைப்படவில்லை.

மாணவனைச் சந்திப்பதா வேண்டாமா என்ற முடிவு ஆசிரியருக்கே விடப்பட்டது. நான்கு நாள் கழித்து அவர் ஒப்புக்கொண்டார். சந்திப்பில் அவர் அறிவுரை கூறவில்லை. ‘அஃறிணை’ என்ற சொல்லை ஒரு தாளில் தேவநாகரியில் எழுதி, உரக்கப் படிக்கச் சொன்னார். ‘ற்’, ‘ண்’ இரண்டிலும் மாணவனின் நா மூன்று முறை இடறியது. அவர் சிரிக்கவில்லை, நான்காம் முறை படிக்கும்வரை காத்திருந்தார்.

பகிரப்பட்ட படிகள் எங்கெங்கோ இன்னும் இருக்கக்கூடும். அவற்றைத் திரும்பப் பெறும் வழி எந்தப் பள்ளியிடமும் இல்லை. ஆயினும் மறுவாரம் மின்னோட்டப் பாடத்தை அவர் இந்தியிலேயே நடத்தினார். ஓரிடத்தில் பால் பிறழ்ந்தது. வகுப்பு அதைக் கேட்டது, பாடம் தொடர்ந்தது.