30 நாளில் 10 கிலோ

"30 நாளில் 10 கிலோ குறைப்பு நிச்சயம்!" உடற்பயிற்சி வகுப்பு விளம்பரங்களில் இந்த வரியைப் பார்க்காத ஆக்கள் குறைவு. கிலோவும் நாளும் கொஞ்சம் மாறும், "நிச்சயம்" மட்டும் மாறாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா பின்னேரங்களில் ஏரோபிக்ஸ் வகுப்பு எடுக்கிறா. கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். அடுத்த மாத விளம்பரத்தை எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி எங்களுக்கு அனுப்பினா. அதிலும் முதல் வரி இதுதான். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. கணக்குத்தான் பிழை.

அதனால் இருந்து கணக்குப் பார்த்தோம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்புக் குறைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும் என்பது பொதுவாகப் பாவிக்கிற மதிப்பு. பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பதால் பிரித்தால் ஒரு நாளைக்கு 2,500க்கும் மேல். அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் நல்லாய் ஆடினால் செலவாவது 400 கலோரி அளவில். பெண்கள் பலருக்கு முழு நாளைக்கும் தேவைப்படுவதே 2,000 அளவில்தான். அதாவது மாதம் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் வகுப்புக்கு வந்தாலும் அந்த விளம்பரம் சொல்கிற கொழுப்புக் குறையாது.

மாதத்துக்குப் பன்னிரண்டு வகுப்பு என்றால் 4,800 கலோரி. சாப்பாட்டில் எதையும் மாற்றாவிட்டால், அரைக் கிலோவும் இன்னும் கொஞ்சமும். அதுவும் வகுப்பு முடிந்து போகிற வழியில் ரெண்டு ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் இல்லையென்றால்தான்.

"அரைக் கிலோ எண்டு போட்டா ஆர் வருவினம்?" எண்டு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி, வாடகை கட்டுறது அவதானே. ஆனால் பத்துக் கிலோவை நம்பி வருகிறவருக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் கிழமை தராசில் ஒன்றரைக் கிலோ குறையலாம். சாப்பாட்டையும் குறைத்திருந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். பிறகு முள் அசையாது. விளம்பரம் பொய் என்று அவர் நினைக்க மாட்டார், தன்னில்தான் பிழை என்று நினைப்பார். இரவுச் சாப்பாட்டை விடுவார், பிறகு வகுப்பையும் விடுவார்.

அடுத்த வரி "வண்டி மட்டும் கரையும் விசேட பயிற்சி". வயிற்றுக்குச் செய்கிற பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும். அதற்கு மேலிருக்கிற கொழுப்பை அந்த இடத்திலிருந்தே எடுக்காது. கொழுப்புக் குறைகிறபோது உடம்பு முழுவதிலும் இருந்து குறையும், எங்கே முதலில் என்பதை நாங்கள் தீர்மானிக்க ஏலாது. "வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளும் உண்டு" என்று மாற்றினோம். "வேர்வையோடு நச்சு வெளியேறும்" என்ற வரியை மாற்ற இடமே இல்லை, வெட்டினோம். வேர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவகற்றுகிற வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. வகுப்பு முடியத் தராசில் குறைகிற அரைக் கிலோவும் ரெண்டு போத்தல் தண்ணியோடு திரும்பி வந்துவிடும்.

முன்–பின் படத்தில்தான் நீண்ட நேரம் கதைச்சம். படம் உண்மை, போடச் சம்மதமும் இருந்தது. ஆனால் அந்தப் பெண் ஏழு மாதம் வந்தவ, சாப்பாட்டையும் மாற்றினவ. "30 நாள்" என்ற வரிக்குக் கீழே அதை வைத்தால், படம் சொல்லாத பொய்யைப் பக்கத்து வரி சொல்லிவிடும். "ஏழு மாதம், உணவு மாற்றத்துடன். ஒருவரின் அனுபவம்" என்று படத்துக்கு மேலேயே எழுதச் சொன்னோம். அக்கா முகத்தைச் சுழித்தா, பிறகு எழுதினா.

பத்துக் கிலோ இருந்த இடத்தில் என்ன போடுவது? அங்கேதான் அக்காவின் வகுப்பே எங்களுக்குக் கைகொடுத்தது. வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அக்காவின் மூன்று வகுப்பும் சேர்ந்தால் 180 நிமிடம். ஆகவே முதல் வரி இப்படி வந்தது: "கிழமைக்கு 150 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் 180 நிமிடம், பாட்டோடு." "பாட்டோடு" அக்காவே சேர்த்தது. அதுதான் அந்த வரியில் நல்ல சொல். "நிறை குறைய விரும்புவோருக்கு உதவும். எவ்வளவு என்பது உணவையும் உடலையும் பொறுத்தது" என்பது இரண்டாவது வரி.

கடைசியில் ஒரு வரியில் மட்டும் இழுபறி. நெஞ்சுவலி, உயர் குருதி அமுக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வரவும் என்று போடச் சொன்னோம். "பயந்து ஓடிடுவினம்" எண்டா. பிறகு சின்ன எழுத்தில் கீழே போட்டுக்கொண்டு வந்து காட்டினா. கட்டணம் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில் இதையும் போடுங்கோ அக்கா என்றோம். போட்டிருக்கிறா.